மைதா எங்கே போனது?

சிறு பேக்கரிகளில் முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் நடக்கும் சண்டைகளில் பல மைதா மூட்டையில்தான் தொடங்குகின்றன. வாரக் கடைசியில் முதலாளி பில்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்க்கிறார். பன்னிரண்டு மூட்டை வந்திருக்கிறது. கல்லாவில் விழுந்த பணத்தை வைத்துப் பார்த்தால் பத்து மூட்டைக்குரிய பிரட்டும் பன்னும்தான் விற்றிருக்கின்றன. மீதி இரண்டு மூட்டை எங்கே? சந்தேகம் உடனே சரக்கு அறையில் படுத்துத் தூங்கும் பையன் மேல் விழுகிறது. அடுத்த வாரம் அவன் வேலையில் இருக்க மாட்டான். அதற்கடுத்த வாரமும் மைதா குறையும்.

கொள்முதல் பில்லும் விற்பனை எண்ணிக்கையும் கையில் இருந்தால் சரக்கு எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இரண்டையும் நேராகக் கழித்தால் கிடைப்பது தவறான விடை. இடையில் தண்ணீர், அடுப்பு, தராசு, மாஸ்டரின் கை என்று நாலைந்து விஷயங்கள் நுழைகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான மர்மம்.

பெங்களூரில் தெருவுக்குத் தெரு காணப்படும் சிறு பேக்கரிகளில் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முன்னால் கடை, பின்னால் அடுப்பு. மாஸ்டர் ஒருவர், உதவியாட்கள் சிலர். 400 கிராம் பிரட், இனிப்பு பன், எடை போட்டு விற்கும் பெண்ணெ பிஸ்கட் ஆகிய மூன்றுதான் இங்கே முக்கியச் சரக்கு. ஒரு வாரக் கணக்கைப் பார்க்கலாம்.

தண்ணீருக்கு பில் இல்லை

எத்தனை கிலோ சரக்கு வாங்கினோம், எத்தனை கிலோ பண்டம் விற்றோம் என்று ஒப்பிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. நூறு கிலோ மைதாவில் பிரட் செய்தால் 140 கிலோவுக்கு மேல் பிரட் கிடைக்கும். லாபம் போலத் தோன்றும் இந்த அதிக எடை, குழாயிலிருந்து வந்த தண்ணீர். அதற்கு பில் கிடையாது. மறுபக்கம், அடுப்பில் பிரட் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு வரை ஆவியாக இழக்கிறது. அதற்கும் பில் கிடையாது. எனவே மொத்த எடையை ஒப்பிடுவதால் பயனில்லை. மைதாவை மட்டும் பின்தொடர வேண்டும். மைதா ஆவியாவதில்லை. உள்ளே போனது ஏதாவது ஓர் உருவத்தில் வெளியே வந்தாக வேண்டும்.

பேக்கரித் தொழிலில் இதற்கு வசதியான ஒரு வழக்கம் இருக்கிறது. மைதாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் விகிதமாகச் சொல்வார்கள். நம் பேக்கரியின் பிரட்டுக்கு மைதா 100, தண்ணீர் 58, சர்க்கரை 4, வனஸ்பதி 2, ஈஸ்ட் 2, உப்பு 2. கூட்டினால் 168. அதாவது 168 கிராம் பிசைந்த மாவில் 100 கிராம் மைதா இருக்கிறது. பிரட்டுக்கு 462 கிராம் உருண்டை வெட்டினால் அதில் மைதா சரியாக 275 கிராம். அந்த உருண்டை வெந்து, ஆறி, சுமார் 12 சதவீதம் இழந்து 406 கிராம் பிரட்டாக வெளியே வரும்.

பன்னுக்கு மைதா 100, தண்ணீர் 50, சர்க்கரை 18, வனஸ்பதி 8, ஈஸ்ட் 3, உப்பு 1. மொத்தம் 180. 63 கிராம் உருண்டையில் மைதா 35 கிராம். பெண்ணெ பிஸ்கட்டுக்கு மைதா 100, சர்க்கரை 50, வனஸ்பதி 50. இதில் தண்ணீரே சேர்ப்பதில்லை. மைதாவிலேயே இருக்கும் ஈரம் மட்டும் போவதால் அடுப்பில் இழப்பு நூற்றுக்கு 4 பங்கைத் தாண்டாது. ஒரு கிலோ பிஸ்கட்டுக்கு 520 கிராம் மைதா என்று கணக்கு வைக்கலாம்.

இந்த மூன்று எண்கள், 275 கிராம், 35 கிராம், 520 கிராம், ஒரு அட்டையில் எழுதி வைக்கப்பட வேண்டியவை. மீதிக் கணக்கு முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கிறது.

பில் சொல்வது வாங்கியதை மட்டும்

ஒரு வாரத்தில் வாங்கியது வேறு, செலவானது வேறு. வாரத் தொடக்கத்தில் இருந்த இருப்போடு கொள்முதலைக் கூட்டி, வாரக் கடைசி இருப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் செலவு. நம் பேக்கரியில் தொடக்க இருப்பு மூன்று முழு மூட்டையும், பிரித்த மூட்டையில் 22 கிலோவும். மொத்தம் 172 கிலோ. வாங்கியது 12 மூட்டை, 600 கிலோ. கடைசியில் இருந்தது இரண்டு மூட்டையும் 36 கிலோவும், அதாவது 136 கிலோ. ஆக, செலவு 636 கிலோ.

சுலபமாகத் தெரியும் இந்தக் கழித்தலில் மூன்று இடங்களில் கால் வழுக்கும். முதலாவது, பில் தேதி. சனிக்கிழமை பில் போட்டு திங்கட்கிழமை வந்து இறங்கிய மூட்டை, வந்த வாரத்துக்குரியது. இரண்டாவது, அளவு. எண்ணெய் டின்னில் 15 லிட்டர் என்று இருந்தால் அது 15 கிலோ அல்ல, 14 கிலோவுக்கும் குறைவு. பில்லில் லிட்டரும் அளவுக் குறிப்பில் கிலோவும் இருந்தால், டின்னுக்கு ஒரு கிலோவுக்கு மேல் 'திருட்டு' தானாகவே முளைத்துவிடும். மூன்றாவது, இருப்பு எடுக்கும் நேரம். மாவு பிசையத் தொடங்குவதற்கு முன், தொட்டியில் பிசைந்த மாவும் அடுப்பில் பண்டமும் இல்லாத நேரமாக இருக்க வேண்டும். நேற்றைய மாவில் கொஞ்சம் இன்றைக்கு எடுத்து வைத்திருந்தால் அதையும் நிறுத்து இருப்பில் சேர்க்க வேண்டும். பிரித்த மூட்டையைக் கண்ணால் பார்த்து 'அரை மூட்டை' என்று எழுதினால், அந்த ஒரு வார்த்தையிலேயே ஐந்தாறு கிலோ காணாமல் போகும்.

முதல் விடை

அந்த வாரம் விற்றது 1,120 பிரட், 4,200 பன், 140 கிலோ பிஸ்கட். அட்டையில் உள்ள எண்களால் பெருக்கினால் பிரட்டுக்கு 308 கிலோ மைதா, பன்னுக்கு 147 கிலோ, பிஸ்கட்டுக்கு 72.8 கிலோ. கூட்டினால் 527.8 கிலோ.

செலவானது 636. விற்றதில் இருப்பது 527.8. வித்தியாசம் 108.2 கிலோ. இரண்டு மூட்டைக்கும் அதிகம். செலவில் 17 சதவீதம். பல முதலாளிகள் கணக்கை நிறுத்திவிட்டுப் பையனைக் கூப்பிடும் இடம் இதுதான். ஆனால் இந்த 108 கிலோ என்பது ஒரே பொருள் அல்ல. வெவ்வேறு காரணங்களால் வந்த ஆறேழு குறைகள் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன.

சுட்டதும் விற்றதும்

முதலில் சுட்டு விற்காமல் போனவை. கடையிலிருந்து திரும்பிய பிரட் 84, பன் 310. இவற்றில் இருக்கும் மைதா 34 கிலோ. இது சமையல்கட்டுக் குறை அல்ல. எவ்வளவு விற்கும் என்று மதிப்பிட்டவரின் குறை. மாஸ்டர் தலையில் இதைக் கட்டக்கூடாது. திரும்பிய பிரட்டை வெட்டிக் காயவைத்து ரஸ்க்காக விற்கும் கடைகள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அந்த ரஸ்க்குக்குப் புதிய மைதா எதுவும் செலவாகவில்லை. அதை விற்பனைப் பட்டியலில் மைதாவோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒரே மைதா இரண்டு முறை விற்றதாகிவிடும். உண்மையான குறை மறைந்துவிடும்.

அடுத்து, அடுப்படியிலேயே ஒதுக்கப்பட்டவை. கருகியது, அமுங்கியது, அச்சில் ஒட்டிப் பிய்ந்தது. பிரட் 22, பன் 130. மைதா 10.6 கிலோ. இதை எண்ணுவதற்கு ஒரு தனிக் கூடை போதும். ஒதுக்கியதை அன்றிரவு வரை கூடையில் வைத்து, எண்ணி எழுதிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும். வேலையாட்கள் சாப்பிட்டதும் வீட்டுக்குப் போனதும் நாளுக்கு இரண்டு பிரட், பத்து பன். வாரத்துக்கு 6.3 கிலோ. இது திருட்டு அல்ல, கூலியின் ஒரு பகுதி. ஆனால் எழுதி வைக்காவிட்டால் திருட்டு போலவே தெரியும்.

இந்த மூன்றும் சேர்ந்து 51 கிலோ. வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் இருந்தால் தெரிந்துவிடக்கூடிய பாதி.

கை நிறையும் உருண்டை

அடுத்தது எந்த நோட்டிலும் வராது. "என் கை தப்பாது சார், இருபது வருஷமா வெட்டறேன்" என்று மாஸ்டர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கை தப்புவதில்லை. அது வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக வெட்டுகிறது. பிரட்டின் உறையில் 400 கிராம் என்று அச்சடித்திருக்கிறது. எடை குறைந்தால் எடையளவுத் துறை ஆய்வாளர் வழக்குப் போடலாம். அந்தப் பயம் விரல்களில் இருக்கிறது.

வெட்டிய உருண்டைகளில் இருபதை எடுத்து எலெக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தபோது சராசரி 478 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இருக்க வேண்டியது 462. பதினாறு கிராம் அதிகம். அதில் மைதா ஒன்பதரை கிராம். அந்த வாரம் சுட்ட மொத்த பிரட் 1,240. விற்றதை மட்டும் கணக்கில் எடுக்கக்கூடாது. திரும்பியது, ஒதுக்கியது, வீட்டுக்குப் போனது எல்லாமே அதே கையால் வெட்டப்பட்டவை. ஆக 11.8 கிலோ. பன்னிலும் இதே கதை. 63 கிராமுக்குப் பதில் 66.6 கிராம். பன்னுக்கு இரண்டு கிராம் மைதா அதிகம். சுட்டது 4,710. ஆக 9.4 கிலோ. இரண்டும் சேர்ந்து 21.2 கிலோ மைதா, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இனாமாகப் போயிருக்கிறது.

இதைக் கேட்டதும் முதலாளி உடனே "எல்லாம் 462 வெட்டு" என்று உத்தரவு போட்டால் புதிய சிக்கல் வரும். ஆறிய பிரட்டுகளில் இருபதை நிறுத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது நிறுத்தினால் எடை அதிகமாகக் காட்டும். ஆறுவதற்குள் இன்னும் கொஞ்சம் ஆவி போகும். சராசரி 420 கிராம் வரும். ஆனால் மிக இலேசான பிரட் 402 கிராம்தான் இருக்கும். ஏனென்றால் கை வெட்டில் ஒன்று கூடும், ஒன்று குறையும். சராசரியை அப்படியே 14 கிராம் இறக்கினால் இலேசான பிரட்டுகள் 388 கிராமுக்கு வந்து, உறையில் உள்ள எண் பொய்யாகிவிடும். எனவே முதலில் குறைக்க வேண்டியது ஏற்ற இறக்கத்தை. ஒவ்வொரு உருண்டையும் தராசைத் தொட்டு வர வேண்டும். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிய பிறகு சராசரியை இறக்கலாம்.

தொட்டிக்கு முன்னால் போவது

மேலே சொன்னவை எல்லாம் பிசைந்த பிறகு நடந்த இழப்புகள். பிசைவதற்கு முன்பே மைதா போகும் வழிகளும் உண்டு. மேஜையிலும் கையிலும் தூவும் மாவு அதில் ஒன்று. விகிதக் கணக்கில் அது வராது. காலையில் ஒரு வாளியில் பத்து கிலோ நிறுத்து வைத்து, "தூவுவதற்கு இதிலிருந்து மட்டும்" என்று சொல்லி, இரவு மீதியை நிறுத்தால் தெரிந்துவிடும். நாளுக்கு 1.8 கிலோ வீதம் வாரத்துக்கு 12.6 கிலோ.

மற்றொன்று மூட்டையின் எடை. பில்லில் 50 கிலோ என்று இருப்பதெல்லாம் தராசில் 50 கிலோவாக இருப்பதில்லை. மூட்டையை நிறுத்து, மாவைக் கொட்டியபின் வெறும் சாக்கையும் நிறுத்துக் கழித்துப் பார்த்தபோது சராசரி 49.4 கிலோ. அந்த வாரம் பிரித்தவை 13 மூட்டை. ஆக 7.8 கிலோ பேக்கரிக்குள் வரவே இல்லை. இதை வைத்து மில்காரரை உடனே திருடன் என்று சொல்லிவிட முடியாது. மைதாவில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு போல ஈரம் இருக்கிறது. வெயில் காலத்தில் வறண்ட கிடங்கில் கிடந்த மூட்டை கொஞ்சம் இளைக்கும். ஆனால் எல்லா மாதமும் அதே குறை இருந்தால் வியாபாரியிடம் எடைச்சீட்டோடு போய்க் கேட்கலாம். பையனிடம் கேட்பதில் பயனில்லை.

இவ்வளவையும் கூட்டினால் 92.5 கிலோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 108.2 கிலோவில் மிச்சம் 15.7 கிலோ.

மற்ற பொருட்களின் சாட்சி

இந்த மிச்சத்தை மைதாவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வேறு சரக்குகளைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். இதன் தர்க்கம் எளிது. பிசைந்த மாவாகவோ சுட்ட பண்டமாகவோ ஏதாவது வெளியே போனால் அதோடு சர்க்கரை, வனஸ்பதி எல்லாம் அதே விகிதத்தில் சேர்ந்து போகும். மைதா மட்டும் குறைந்து மற்றவை சரியாக இருந்தால் இழப்பு பிசைவதற்கு முன்பே நடந்திருக்கிறது. ஒரு பொருள் மட்டும் அதிகமாகக் குறைந்தால் அந்தப் பொருளுக்கென்று தனிக் கதை இருக்கிறது.

முதலில் வனஸ்பதி. விற்ற பண்டங்களுக்கு விகிதப்படி வர வேண்டியது 54.3 கிலோ. விற்காமல் போனது, ஒதுக்கியது, அதிக எடை எல்லாவற்றையும் சேர்த்தால் 57.4 கிலோ. பில்லும் இருப்பும் சொல்லும் செலவு 66.5 கிலோ. ஒன்பது கிலோவுக்கு மேல் அதிகம். இதில் அச்சுகளுக்கும் தட்டுகளுக்கும் தடவியது மூன்றரை கிலோ. மீதி ஐந்தரை கிலோ?

விடை பிஸ்கட்டில் இருக்கிறது. பத்து கிலோ மைதா போட்டால் விகிதப்படி 19.2 கிலோ பிஸ்கட் வர வேண்டும். நிறுத்துப் பார்த்தபோது 20.3 கிலோ வந்தது. அதிகமாக வருவதைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. வாயில் கரைய வேண்டும் என்று மாஸ்டர் 50 பங்கு வனஸ்பதிக்குப் பதில் 60 பங்கு போடுகிறார். சுவரில் ஒட்டியிருக்கும் அளவு ஒன்று, கை போடும் அளவு வேறு. அப்படியானால் ஒரு கிலோ பிஸ்கட்டில் வனஸ்பதி அதிகம், மைதா குறைவு. 520 கிராம் அல்ல, 493 கிராம்தான். வனஸ்பதியின் ஐந்து கிலோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மீதி டின்களின் அடியில் ஒட்டியது. ஆனால் மைதா கணக்கை இப்போது திருத்தியாக வேண்டும். பிஸ்கட்டுக்கு நாம் நினைத்ததைவிட 3.8 கிலோ மைதா குறைவாகவே போயிருக்கிறது. ஆகவே மர்மம் 15.7 கிலோ அல்ல, 19.5 கிலோ. நேர்மையான கணக்கில் சில சமயம் குறை கூடவும் செய்யும்.

இனி தொட்டியில் ஒட்டுவது. ஒரு மூட்டை மைதாவுக்கு 84 கிலோ மாவு வர வேண்டும். ஒரு நாள் முதலாளியே அருகில் நின்று, 462 கிராமாக வெட்டச் சொல்லி எண்ணியபோது 181 உருண்டைக்குப் பதில் 179 கிடைத்தது. தொட்டியிலும் கையிலும் ஒட்டியது, மாவு புளிக்கும்போது போனது எல்லாம் சேர்ந்து ஒன்றரை சதவீதம். யார் நின்றாலும் இதற்குக் கீழே போகாது. இதுதான் அந்த பேக்கரியின் அடித்தளம். வாரம் முழுவதற்கும் இது 7.9 கிலோ. இப்போது மிச்சம் 11.6 கிலோ. செலவில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

இந்தப் பதினொன்றரை கிலோ பண்டமாக வெளியே போயிருக்கிறதா? பன்னாகப் போயிருந்தால் இரண்டு கிலோ சர்க்கரையும் கூடவே போயிருக்கும். சர்க்கரைக் கணக்கில் எதிர்பார்த்தது 81 கிலோவை ஒட்டி, செலவானது 81.5. பன் போகவில்லை. பிரட்டில் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் அதன் சாட்சி பிரட்டுக்குச் செல்லாது. பிரட்டுக்கு நல்ல சாட்சி அதன் உறை. அச்சடித்த உறையை யாரும் சும்மா எடுத்துப் போவதில்லை. விற்றதும் திரும்பியதும் வீட்டுக்குப் போனதும் சேர்ந்து 1,218 பிரட். செலவான உறை 1,230. பன்னிரண்டு கிழிந்தவை கூடையில் இருக்கின்றன. பிரட்டும் போகவில்லை. எனவே குறைந்தது வெறும் மைதா.

நான்கு வாரம் பொறுத்தால்

வெறும் மைதா 11.6 கிலோ குறைந்தால் அது கதவு வழியாகவும் போயிருக்கலாம், பென்சில் வழியாகவும் போயிருக்கலாம். ஒரு வாரக் கணக்கை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. இருப்பு எடுத்ததில் ஏற்பட்ட தவறு என்றால் அடுத்த வாரம் அது எதிர்த்திசையில் திரும்பி வரும். இந்த வாரக் கடைசி இருப்பைக் குறைத்து எழுதியிருந்தால் அடுத்த வாரத் தொடக்க இருப்பும் குறைவாகவே இருக்கும். அப்போது செலவு குறைந்து, மைதா 'கூடுதலாக' இருப்பது போல் தெரியும். நான்கு வாரம் தொடர்ந்து எழுதினால் 11, கழித்தல் 6, 9, கழித்தல் 10 என்று ஊசலாடுகிறதா, அல்லது 11, 12, 10, 11 என்று ஒரே பக்கம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஊசலாடினால் எண்ணுபவரை மாற்ற வேண்டும். ஒரே பக்கம் நின்றால்தான் சரக்கு அறையின் சாவியைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் தூவும் வாளியைத்தான் பார்க்க வேண்டும். வாளி தீர்ந்த பிறகு யாராவது மூட்டையிலிருந்து அள்ளினார்களா என்று.

எதை முதலில் அடைப்பது

எல்லாக் கிலோவும் ஒரே விலை அல்ல. மைதா கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேஜையில் சிந்திய 275 கிராம் மைதாவின் நஷ்டம் 11 ரூபாய். அதே 275 கிராம் ஒரு பிரட்டாகி விற்காமல் திரும்பினால் மற்ற சரக்கு, உறை, அடுப்புக் கூலி, ஆள் கூலி எல்லாம் அதில் ஏறியிருக்கும். நஷ்டம் இரு மடங்கை எட்டும். ஆகவே கிலோவில் 34 ஆக இருக்கும் விற்காத பண்டம், ரூபாயில் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட மிகப் பெரிய ஓட்டை. அதை அடைக்கும் வழி அடுப்படியில் இல்லை. எந்தக் கிழமை எத்தனை திரும்புகிறது என்று கிழமைவாரியாக எழுதிய பட்டியலில் இருக்கிறது.

அடுத்தது உருண்டையின் எடை. 21 கிலோ மைதா மட்டும் வாரத்துக்கு 850 ரூபாய், வருடத்துக்கு 44,000 ரூபாய். ஒரு நல்ல தராசின் விலையை இது சில வாரங்களிலேயே கொடுத்துவிடும். மூட்டை எடையைக் கேட்பதற்குச் செலவே இல்லை. தொட்டியில் ஒட்டும் ஒன்றரை சதவீதத்தைத் துரத்துவதில் பலன் இல்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. இது விற்பனை எண்ணிக்கையை நம்பி நிற்கிறது. கல்லாவில் எழுதாமல் விற்றால் அந்த பிரட் இங்கே 'வீணானது' என்ற பெயரில் வரும். உறைக் கணக்கு அதைப் பிடித்துவிடும், ஆனால் உறையில்லாத பன்னைப் பிடிக்காது. அதனால்தான் பன் தட்டுகளை அடுப்பிலிருந்து எடுக்கும்போது ஒருவரும், கடைக்குள் வாங்கும்போது இன்னொருவரும் எண்ணுவது நல்லது. இரண்டு எண்களும் ஒத்துப்போனால் சமையல்கட்டின் கணக்கு அங்கே முடிந்தது. அதற்குப் பிறகு குறைவது கடையின் கணக்கு.

108 கிலோ என்று தொடங்கிய புகாரில் பெயர் தெரியாமல் நிற்பது 11 கிலோ. மீதி 97 கிலோவில் விற்பனையை மதிப்பிட்டவர், உருண்டை வெட்டியவர், மூட்டை அனுப்பியவர், அடுப்பு, மேஜை, தொட்டி என்று எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. சரக்கு அறையில் படுத்துத் தூங்கும் பையனின் பெயர் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.